கெடு முடிந்தபின் ரீஃபண்ட் கேட்டால்: மறுத்துவிட்டு ஸ்டோர் கிரெடிட் கொடுப்பது எப்படி?

சொந்த வெப்சைட்டிலோ இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாகவோ சேலை விற்க ஆரம்பித்திருக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமேசான், மீஷோ மாதிரி தளங்களில் விற்றால் ரிட்டர்ன் விதி அவர்களுடையது, முடிவும் பெரும்பாலும் அவர்களுடையது. நாமே பில் போட்டு, நாமே பார்சல் கட்டி அனுப்பும் கடைக்குத்தான் இது பொருந்தும்.

7 நாளுக்குள் ரிட்டர்ன் என்று போட்டிருப்போம். மூன்று வாரம் கழித்து, "இந்தச் சேலை வேண்டாம், பணத்தைப் போட்டுவிடுங்கள்" என்று மெசேஜ் வரும். வெறுமனே முடியாது என்றால் வாடிக்கையாளர் போய்விடுவார். பணத்தைக் கொடுத்தால் அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும். பணம் கிடையாது, ஆனால் அதே தொகைக்கு நம் கடையில் வேறு எடுத்துக்கொள்ளலாம் என்பது நடுவழி, அதுதான் ஸ்டோர் கிரெடிட். ஒரு வரியில் சொல்லிவிடலாம், செய்யப் போனால்தான் சிக்கல் தெரியும். ஆடிட்டர், கூரியர் ஆபீஸ், பேமெண்ட் கேட்வே சப்போர்ட் என்று ஒவ்வொரு இடமாக அலைந்து கேட்டு நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். புரிவதற்கு ஒரே ஒரு ஆர்டரைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம்.

சேலை 3,850 ரூபாய். 10 சதவீத கூப்பன் போட்டதில் 3,465. கூரியருக்கு 80. வாடிக்கையாளர் கட்டியது மொத்தம் 3,545. ஜூன் 4 டெலிவரி. ரீஃபண்ட் கேட்டு மெசேஜ் வந்தது ஜூன் 23.

## 1. பதில் எழுதும் முன் தேதியைப் பாருங்கள்

7 நாள் என்றால் எந்த நாளிலிருந்து? பில் தேதியா, அனுப்பிய தேதியா, கையில் கிடைத்த தேதியா? உங்கள் பாலிசியில் இது எழுதப்படவில்லை என்றால், வாடிக்கையாளருக்குச் சாதகமானதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதாவது கையில் கிடைத்த மறுநாள் முதல் நாள். நம் கணக்கில் ஜூன் 11 உடன் கெடு முடிகிறது. மெசேஜ் வந்தது 12 நாள் தாமதம்.

கூரியர் டிராக்கிங் பக்கத்தைத் திறந்து, "Delivered" என்று தேதியோடு இருப்பதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஆர்டர் நம்பரோடு சேமித்துவிடுங்கள். பல கூரியர்களில் கொஞ்ச மாதத்தில் அந்த விவரம் காணாமல் போய்விடும். பின்னால் பேங்க்கில் இருந்து கேள்வி வந்தால் முதலில் கேட்கப்படுவது இதுதான்.

அடுத்ததாகப் பழைய மெசேஜ்களைத் தேடுங்கள். இன்ஸ்டா டிஎம், வாட்ஸ்அப், ஈமெயில் மூன்றிலும். ஜூன் 8 அன்றே "ரிட்டர்ன் பண்ணலாமா?" என்று அவர் கேட்டு, பேக்கிங் பார்க்கும் பையன் "பாத்துட்டு சொல்றோம் மேடம்" என்று விட்டிருந்தால் கதையே வேறு. அவர் கெடுவுக்குள் கேட்டுவிட்டார், தாமதம் நம்முடையது. அப்படி இருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

## 2. குறையா, மனமாற்றமா?

மற்ற எல்லாமும் இதற்குப் பதில் தெரிந்த பிறகுதான்.

மனம் மாறிவிட்டது, பங்ஷனுக்கு வேறு சேலை முடிவாகிவிட்டது, வீட்டில் பிடிக்கவில்லை என்றால், குறையில்லாத பொருளைத் திரும்ப எடுத்தே ஆகவேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. நாம் பாலிசியில் என்ன வாக்குக் கொடுத்தோமோ அதுதான்.

குறை என்றால் அப்படி இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன் பிரிவு 2(47), குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. அதற்கான கால அளவு பில்லில் குறிப்பிட்டிருக்கும் நாட்கள், பில்லில் எதுவும் இல்லையென்றால் 30 நாள். கவனியுங்கள், அந்தப் பிரிவு பேசுவது பில், கேஷ் மெமோ, ரசீது பற்றி. இன்ஸ்டா ஹைலைட்டில் அழகாக "7 டேஸ் ரிட்டர்ன்" என்று போட்டுவிட்டுப் பில்லில் ஒன்றும் அச்சடிக்காத கடைகள் ஏராளம். உங்கள் பில்லை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

2020 இன் இ-காமர்ஸ் விதிகளும் இருக்கின்றன. குறையுள்ளது, போலியானது, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாதது, சொன்ன தேதிக்குப் பின் தாமதமாக வந்தது என்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ஆகவே காரணத்தை நீங்களே ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள்: "சேலையில் ஏதாவது குறை இருக்கிறதா மேடம்? இருந்தால் பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ அனுப்புங்கள்."

ஜரிகை பிரிந்திருக்கிறது, நெசவில் இழை விட்டிருக்கிறது, முந்தியில் கறை, தூய பட்டு என்று விற்றது கலப்பு என்று தெரிந்தது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ரீஃபண்டைப் போடுங்கள். 7 நாள் முடிந்துவிட்டது என்பதைக் காட்டிக் குறையுள்ள சேலைக்குக் கிரெடிட்டைத் திணிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. நிற வித்தியாசம் மட்டும் கொஞ்சம் இழுபறி. நீங்கள் போட்ட படமும் அவர் அனுப்பும் படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரக்கு என்று போட்டது பிரவுனாக இருந்தால் அது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருள். ஸ்க்ரீன் வெளிச்சத்தால் ஒரு சாயல் கூடக்குறைய இருப்பது வேறு.

நம் உதாரணத்தில் குறை எதுவும் இல்லை. பங்ஷனுக்கு மாமியார் வேறு சேலை எடுத்துக்கொடுத்துவிட்டார்.

## 3. அவர் வாங்கிய அன்று என்ன பாலிசி இருந்தது?

இன்றைய பாலிசி செல்லாது, ஆர்டர் போட்ட அன்று அவர் கண்ணில் பட்டதுதான் செல்லும். பாலிசியை மாற்றும்போதெல்லாம் பழைய பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். செக்அவுட்டில் "ரிட்டர்ன் பாலிசியைப் படித்தேன்" என்று வாடிக்கையாளரே டிக் செய்யும் கட்டம் இருந்தால் இன்னும் நல்லது. முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும்படி வைக்காதீர்கள், இ-காமர்ஸ் விதிகளே அப்படிச் சம்மதம் வாங்கக் கூடாது என்கின்றன.

கெடுவைத் தாண்டி எத்தனை நாள்வரை கிரெடிட் கொடுப்பது என்பதையும் உங்களுக்குள் முடிவுசெய்துவிடுங்கள். நான் டெலிவரியிலிருந்து 45 நாள் வைத்திருக்கிறேன். அதற்குமேல் சேலை பீரோவில் மடிப்பிலேயே கிடந்து மடிப்பு விழுந்துவிடும், சீசனும் போய்விடும். இந்த 45 ஐ வெளியே எழுதிப் போடாதீர்கள். போட்டால் அதுவே புதிய கெடுவாகிவிடும், 50 ஆவது நாள் ஒருவர் வந்து நிற்பார்.

## 4. எவ்வளவு கிரெடிட்?

3,850 ஆ, 3,545 ஆ, 3,465 ஆ? என் முடிவு 3,465. சேலைக்காக அவர் உண்மையில் கொடுத்த தொகை அது. 80 ரூபாய் கூரியருக்குப் போய்விட்டது. திருப்பி அனுப்பும் செலவும் அவருடையது. இதை முதல் மெசேஜிலேயே சொல்லாவிட்டால் பார்சல் வந்து சேர்ந்த பிறகு 80 ரூபாய்க்குச் சண்டை வரும், நம்புங்கள்.

அதே சேலை இன்று தள்ளுபடியில் 2,999 க்கு ஓடுகிறது, அதனால் 2,999 தான் தருவேன் என்று சில கடைகள் செய்வதுண்டு. கெடு முடிந்தபின் கொடுப்பது நம் விருப்பம்தான் என்பதால் வாதத்துக்கு அது சரி. ஆனால் வாடிக்கையாளரைத் தக்கவைக்கத்தான் இவ்வளவும் செய்கிறோம். 466 ரூபாயைக் கழித்தால் அவர் கழித்ததை மட்டும்தான் ஊரெல்லாம் சொல்வார்.

பணமாகத் திருப்பினால் நமக்கு என்ன போகும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கேட்வே கட்டணம் 2 சதவீதம் என்றால் 3,545 க்கு 70.90 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 12.76. ஏறக்குறைய 84 ரூபாய். ரீஃபண்ட் போட்டாலும் பொதுவாகக் கேட்வே இதைத் திருப்பித் தருவதில்லை. கிரெடிட்டில் இந்த நஷ்டம் இல்லை, சேலையும் திரும்ப ரேக்குக்கு வருகிறது.

கிரெடிட்டுக்குக் காலக்கெடு ஆறு மாதம் கொடுங்கள். ஜூனில் கொடுத்தால் ஆடித் தள்ளுபடி, தீபாவளி எல்லாம் அதற்குள் வந்துவிடும், அவர் உண்மையிலேயே வாங்குவார். 30 நாள் கொடுப்பது கொடுக்காமல் இருப்பதற்குச் சமம். தள்ளுபடிச் சரக்குக்கும் கிரெடிட் செல்லும் என்றே வையுங்கள். அதைத் தடுத்தால் கோபம்தான் மிஞ்சும்.

## 5. பதிலை எழுதுவது

இ-காமர்ஸ் விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லவேண்டும். வீட்டிலிருந்து விற்கிறோம், நமக்கு இதெல்லாம் வராது என்று நினைக்காதீர்கள். தொடர்ந்து வியாபாரமாகச் செய்தால் வரும். எப்படியும் இந்த மாதிரி விஷயத்துக்கு மறுநாளே முடிவைச் சொல்லிவிடுவதுதான் நல்லது.

மெசேஜில் மறுப்பு ஒரே வாக்கியமாக, தேதியோடு இருக்கட்டும். அதற்கு அடுத்த வரியிலேயே கிரெடிட் வரட்டும். நான் அனுப்புவது இப்படி:

> வணக்கம் மேடம். ஆர்டர் 2187, மாம்பழ மஞ்சள் சாஃப்ட் சில்க் சேலை பற்றி நேற்று அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன். பங்ஷனுக்கு வேறு சேலை அமைந்துவிட்டதால் இதைத் திருப்பித் தர விரும்புகிறீர்கள், சேலையில் குறை எதுவும் இல்லை என்று சொன்னீர்கள்.
>
> சேலை ஜூன் 4 அன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பில்லில் உள்ள 7 நாள் ரிட்டர்ன் கெடு ஜூன் 11 உடன் முடிந்துவிட்டதால், பணத்தைத் திருப்பி அனுப்ப முடியாது.
>
> அதற்குப் பதிலாக, சேலைக்கு நீங்கள் கொடுத்த 3,465 ரூபாய் முழுவதையும் எங்கள் கடையில் கிரெடிட்டாக வைத்துத் தருகிறோம். டிசம்பர் 31 வரை எந்தச் சேலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தள்ளுபடிச் சேலைகளும் சேர்த்து. ஒரே தடவையில் எடுக்க வேண்டும் என்று இல்லை, மீதி உங்கள் பேரிலேயே இருக்கும்.
>
> இதற்குச் சம்மதம் என்றால் "சரி" என்று பதில் போடுங்கள். கட்டாத, ஃபால்ஸ் தைக்காத, பிளவுஸ் பிட் வெட்டாத சேலையை டேக்கோடு ஜூன் 30 க்குள் கூரியரில் போட்டால் போதும். திருப்பி அனுப்பும் கூரியர் செலவும் முதலில் கட்டிய 80 ரூபாயும் இதில் சேராது. சேலை வந்து பார்த்த இரண்டு வேலை நாட்களில் கிரெடிட் வந்துவிடும்.

"சரி" என்று எழுத்தில் வாங்குவது முக்கியம். போனில் பேசி முடித்தாலும், பேசியதை வாட்ஸ்அப்பில் போட்டு ஒரு "சரி" வாங்கிக்கொள்ளுங்கள். பார்சலை அனுப்பிவிட்டு "நான் ரீஃபண்டுக்குத்தான் அனுப்பினேன்" என்று சொல்பவர்கள் உண்டு, பொய்யாகவே சொல்வார்கள் என்றும் இல்லை. மெசேஜை முழுதாகப் படிக்காமல் அனுப்பிவிடுகிறார்கள்.

எழுதக் கூடாதவை என்று பார்த்தால், "முயற்சி பண்றோம்" என்று இழுப்பது முதல் தப்பு. அது வாக்குறுதியாகப் படிக்கப்படும். "எங்க ரூல் அப்படி, நான் என்ன பண்ண" என்பது அடுத்தது. கடையே உங்களுடையது என்பது அவருக்குத் தெரியும். அப்புறம், "இது உங்களுக்கு மட்டும்தான், வெளியே சொல்லாதீங்க" என்று எழுதாதீர்கள். அதைத்தான் முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பார்.

## 6. சேலை திரும்பி வந்ததும்

பார்சலைப் பிரிக்கும்போது லேபிள் தெரிய, வெட்டாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். பிறகு சேலையை முழுதாக விரித்துப் பாருங்கள், மடித்தபடி மேலாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழ்க்கரையில் பின்பக்கம் ஊசித் துளை வரிசை இருந்தால் ஃபால்ஸ் தைத்துப் பிரித்திருக்கிறார்கள். கொசுவம் வரும் இடத்தில் குறுக்கு மடிப்பு நெருக்கமாக விழுந்திருந்தால் கட்டியிருக்கிறார்கள். தோள் பக்கம் பின் குத்திய ஓட்டை, முந்தி ஓரத்தில் சென்ட் வாசனை, மஞ்சள் குங்குமத் தடம். பிளவுஸ் பிட் இருக்கிறதா என்று முந்தி முனையையும் உள்முனையையும் பாருங்கள். சில சேலைகளில் பிட் உள்முனையோடு சேர்ந்தே நெய்திருக்கும், வெட்டியிருந்தால் அந்த ஓரம் பிசிறாக இருக்கும்.

கட்டியிருந்தால் கிரெடிட் கிடையாது என்று படத்தோடு சொல்லி, சேலையை அவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கூரியர் செலவு யாருடையது என்ற கேள்வி வரும். நான் நானே போட்டுவிடுகிறேன், 80 ரூபாய்க்கு ஒரு வாரம் மெசேஜ் அடிக்க முடியாது. பிளவுஸ் பிட் மட்டும் வெட்டியிருந்தால் பிட்டுக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதிக்குச் சம்மதமா என்று கேட்கலாம். சம்மதம் வரும்வரை சேலையை விற்பனைக்குப் போடாதீர்கள், அது இன்னும் அவருடைய சொத்து.

## 7. கிரெடிட்டைப் போடுவது

சின்னக் கடைகள் அதிகம் வழுக்குவது இங்கேதான். ஷாப்பிஃபையில் வாடிக்கையாளர் கணக்கிலேயே ஸ்டோர் கிரெடிட் போடும் வசதி இருக்கிறது. வூகாமர்ஸில் பலரும் ஒரு கூப்பனை உருவாக்கிக் கொடுத்துவிடுவார்கள். கூப்பனில் நாலு இடத்தில் கவனம் வேண்டும்.

`Fixed cart discount` என்று 3,465 போட்டு, `Usage limit per coupon` இல் 1 என்று வைத்தால், அவர் 2,000 ரூபாய்க்கு ஒரு சேலை எடுத்த உடனே மீதி 1,465 அழிந்துவிடும். மீதி உங்கள் பேரில் இருக்கும் என்று மெசேஜில் எழுதியிருக்கிறோமே! மீதித் தொகைக்கு உடனே இன்னொரு கூப்பன் போட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது மீதியைத் தானே வைத்துக்கொள்ளும் கிஃப்ட் கார்டு பிளகின் வேண்டும்.

`Coupon expiry date` இல் டிசம்பர் 31 என்று போட்டால், அந்தத் தேதி பிறக்கும் நள்ளிரவிலேயே கூப்பன் முடிந்துவிடும். 31 அன்று பகலில் செல்லாது. ஜனவரி 1 என்று போடுங்கள்.

`Allowed emails` இல் அவருடைய ஈமெயிலைப் போட்டால் வேறு யாரும் பயன்படுத்த முடியாது, நல்லதுதான். ஆனால் அடுத்த தடவை மகளின் ஈமெயிலில் ஆர்டர் போட்டால் கூப்பன் ஏற்காது. எந்த ஈமெயில் என்று மெசேஜில் குறிப்பிட்டுவிடுங்கள்.

நாலாவது விஷயம் ஜிஎஸ்டி வரி பற்றியது. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். சேலை திரும்ப வந்துவிட்டதால் பழைய பில்லுக்குக் கிரெடிட் நோட், அதாவது அந்தப் பில் தொகையைக் குறைத்துக் காட்டும் சீட்டு, போட வேண்டும். நம் சேலைக்கு 5 சதவீத வரி என்பதால் 3,300 மதிப்பு, 165 வரி, மொத்தம் 3,465. பழைய பில் போட்ட நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 க்குள் இதை ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டினால்தான் வரி குறையும். அப்புறம் அவர் புதிதாக 5,000 ரூபாய்க்குச் சேலை எடுத்தால், புதிய பில் 5,000 க்கே போட வேண்டும். 3,465 என்பது அவர் ஏற்கெனவே கொடுத்துவைத்திருக்கும் பணம், தள்ளுபடி இல்லை. வூகாமர்ஸ் கூப்பனோ அதைத் தள்ளுபடியாக நினைத்து 1,535 க்கு மட்டும் வரி கணக்கிட்டுப் பில் அடிக்கும். ஒரே 3,465 க்கு இரண்டு தடவை வரி குறைந்துவிடும். ஆடிட்டரிடம் முன்பே சொல்லி, இந்த ஆர்டர்களுக்குப் பில்லைக் கையால் போடுவதா, பிளகினா என்று முடிவு செய்யுங்கள்.

சேலையைத் திரும்ப வாங்காமல், மனம் கோணக் கூடாது என்று 300 ரூபாய்க் கூப்பன் கொடுக்கிறீர்கள் என்றால் அது அசல் தள்ளுபடிதான். அதற்குக் கூப்பனே போதும், கிரெடிட் நோட் வேண்டாம். ஃபால்ஸ் தைத்துவிட்டவர்களுக்கு நான் இதைத்தான் கொடுக்கிறேன்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும்: கிரெடிட் வைத்திருக்க ரிசர்வ் வங்கி அனுமதி வேண்டுமா? உங்கள் கடையில் மட்டும் செலவழிக்கக்கூடியது, பணமாக எடுக்க முடியாதது என்றால் வேண்டாம். தோழியின் நகைக் கடையிலும் செல்லும் என்று சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தால் விஷயம் வேறு, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

## 8. கிரெடிட் வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றால்

ஒரே ஒரு தடவை, அதே தேதிகளைச் சொல்லி, கிரெடிட் வாய்ப்பு ஜூன் 30 வரை இருக்கிறது என்று பதில் எழுதுங்கள். மூன்றாவது மெசேஜில் மனம் இளகிப் பணம் கொடுத்தால், தொந்தரவு செய்தால் கிடைக்கும் என்பதுதான் உங்கள் பாலிசி.

1915 இல், அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் செய்வேன் என்பார்கள். செய்யட்டும். அங்கிருந்து விவரம் கேட்டால் பில், டெலிவரி தேதி, குறை இல்லை என்று அவரே சொன்ன மெசேஜ், நீங்கள் கொடுத்த கிரெடிட் வாய்ப்பு எல்லாவற்றையும் அனுப்புங்கள். மெசேஜில் பயமுறுத்தலுக்குப் பயமுறுத்தல் எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்தே போகும் என்பதால் ஆரம்பத்திலிருந்தே மரியாதையாக எழுதுங்கள்.

கார்டில் கட்டியவர் பேங்க் மூலம் சார்ஜ்பேக் போடலாம், அதாவது கட்டிய பணத்தை நம்மிடமிருந்து திரும்ப எடுத்துத் தரச் சொல்லி பேங்க்கிடம் கேட்கலாம். விசா கார்டுகளில் பல வகைத் தகராறுகளுக்கு 120 நாள்வரை அவகாசம் உண்டு, ஆகவே விஷயம் முடிந்துவிட்டது என்று ஆகஸ்டில் கோப்பை அழித்துவிடாதீர்கள். கேட்வேயில் இருந்து ஈமெயில் வரும், பதில் சொல்லக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. அந்த ஈமெயில் ஸ்பாமில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவகாசம் தாண்டினால் நியாயம் யார் பக்கம் இருந்தாலும் பணம் போய்விடும். கிரெடிட் ஏற்கெனவே கொடுத்துவிட்ட பிறகு சார்ஜ்பேக் வந்தால், முதல் வேலையாகக் கிரெடிட்டை நிறுத்திவையுங்கள். பிறகு "சரி" என்ற அந்தப் பதிலை ஆதாரத்தில் சேர்த்து அனுப்புங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டுவரை அவகாசம் உண்டு. ஆர்டர் நம்பர் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, பில், டிராக்கிங் ஸ்க்ரீன்ஷாட், அன்றைய பாலிசி பிடிஎஃப், மெசேஜ்கள், பார்சல் பிரித்த வீடியோ, கிரெடிட் நோட் ஆகியவற்றை அதுவரை வைத்திருங்கள். வாட்ஸ்அப்பை மட்டும் நம்பாதீர்கள், போன் மாற்றும்போது சாட் போய்விடும். எக்ஸ்போர்ட் செய்து ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.